ஆலை மூடும் ஆண்டில் காணியின் விலை

வங்கிக்குப் போகும் திட்ட அறிக்கைகளில் முதல் ஆண்டுக் கணக்கை எல்லோரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். இயந்திரத்தின் விலை, நெல் வாங்கும் பணம், மின்கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் விலைக்கோரல் கடிதம் இணைக்கப்பட்டிருக்கும். கடைசி ஆண்டின் நிரலுக்கு வந்தால் அந்தக் கவனம் தளர்ந்துவிடும். 'காணி விற்பனை' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு பெரிய தொகை, அவ்வளவுதான். அந்தத் தொகையில் அரசாங்கத்துக்கு எவ்வளவு போகும் என்ற கேள்வியை எழுதியவரும் கேட்பதில்லை, கையெழுத்துப் போடுபவரும் கேட்பதில்லை. பத்து வருடம் கழித்து நடக்கப்போகும் விற்பனைக்கு இப்போதே ஏன் வரி பார்க்க வேண்டும் என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம். திட்டம் தேறுமா தேறாதா என்பதையே அந்த ஒரு வரி தீர்மானிக்கும் இடங்கள் உண்டு. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு மூலையில், வெருகலாற்றின் வடக்கே இருக்கும் ஈச்சிலம்பற்று அப்படிப்பட்ட இடம் என்பது என் கருத்து.

துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெரிய திட்டங்களுக்கு இந்தத் தலையிடி இல்லை. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் 2022 ஜனவரியில் 50 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. சம்பூரில் இந்தியாவின் என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டவிருந்த அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் இப்போது சூரிய மின்திட்டம் வருகிறது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் அதைத் தொடக்கி வைத்தார்கள். இவ்வளவு பெரிய திட்டங்களின் இறுதி ஆண்டில் விற்பதற்குத் திட்டக்காரருக்குச் சொந்தமான நிலம் கிடையாது. குத்தகை முடிந்தால் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பிவிடும். விற்காத நிலத்துக்கு ஆதாயமும் இல்லை, வரியும் இல்லை. இடத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்கும் செலவு ஒன்று மட்டும் வரலாம்.

நில விற்பனை வரி உண்மையில் போய் விழுவது சொந்த உறுதிக் காணியில் ஆலை போட்டவர், ஐஸ் தொழிற்சாலை வைத்தவர், களஞ்சியம் கட்டியவர் தலையில்தான். ஈச்சிலம்பற்றில் உறுதிக் காணி வைத்திருப்பவரே கொஞ்சப் பேர். நிலத்தின் பெரும்பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை, ஊரில் 'பெர்மிற் காணி' என்பார்கள், விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியைக்கூட பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. ஆகவே அறிக்கை எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது காணியின் விலையை அல்ல, அதன் பத்திரத்தை. பெர்மிற் காணியில் நிற்கும் ஆலையின் கடைசி நிரலில் காணி விற்பனை என்று ஒரு கோடி எழுதியிருந்தால், வரிக் கணக்கே வேண்டாம். அந்த வரியை அடித்துவிட்டு மேலே போகலாம்.

உறுதிக் காணி என்றே வைத்துக்கொள்வோம். வரியின் கதை சுருக்கம்தான். மூலதன ஆதாயத்துக்கு இலங்கையில் முதன்முதலாக வரி வந்தது 1958இல், பொருளியலாளர் நிக்கலஸ் கல்டோரின் ஆலோசனையில் நடந்த வரிச் சீர்திருத்தத்தோடு. பிறகு அது நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் மூலம் 2018 ஏப்ரல் 1 முதல் 10 சதவீதமாக மீண்டும் வந்தது. கம்பனிகளுக்கு 2022 ஒக்டோபர் முதல் 30 சதவீதமாக உயர்ந்தது. தனியாளுக்கு 2025 ஏப்ரல் முதல் 15 சதவீதம். இந்த ஏழு வருட வரலாற்றிலேயே திட்டக்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2019இல் அறிக்கை எழுதிய ஒரு கம்பனி, முதலீட்டுக்காக வைத்திருந்த காணிக்கு 10 சதவீதம் போட்டிருந்தால் அன்றைக்கு அது சரி. ஆனால் வரி வீதம் விற்கும் நாளில் நடைமுறையில் உள்ளதுதான். வாங்கிய நாளின் வீதத்தை யாரும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. 15 சதவீதம் என்பது 'முதலீட்டுச் சொத்து' விற்றதால் வந்த ஆதாயத்துக்கான வீதம். சும்மா வாங்கிப் போட்ட காணி, வாடகைக்கு விட்ட காணி அந்த வகைக்குள் வரும். தன் பெயரிலேயே, பதிவு செய்த தனிநபர் வியாபாரமாக ஆலை நடத்துபவரின் ஆலைக் காணி அப்படியல்ல. வியாபாரத்தின் மூலதனச் சொத்தை விற்ற ஆதாயத்தை வியாபார வருமானத்தோடு சேர் என்று சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. சேர்த்தால் அது படிமுறை வீதத்துக்குள் போய்விடும், அதன் உச்சி 36 சதவீதம். பத்து வருடமாகச் சிறிது சிறிதாக ஏறிய விலை, விற்ற அந்த ஒரே வருடத்து வருமானமாக எண்ணப்பட்டு, நேரே உச்சிப் படியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கம்பனிக்கு எந்த வகையில் போட்டாலும் 30தான். ஒரே காணி, ஒரே விலை. வைத்திருப்பவர் யார், எதற்காக வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து 15, 30, 36 என்று மூன்று வரிகள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். தொகைகள் விளக்கத்துக்காக நானாக வைத்தவை. ஊரில் நடந்த எந்த விற்பனையையும் குறிப்பவை அல்ல. ஈச்சிலம்பற்றில் ஒருவர் அரிசி ஆலைக்காக இரண்டு ஏக்கர் உறுதிக் காணி வாங்குகிறார். விலை 40 இலட்சம் ரூபாய். முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கூலி முதலானவை 2 இலட்சம். மாரியில் மகாவலி பெருகினால் வெருகல் பக்கம் தண்ணீர் ஏறும், ஆகவே மேட்டை உயர்த்தக் கிரவல் நிரப்பியாக வேண்டும். அது 6 இலட்சம். மொத்தம் 48. ஆலை இயந்திரங்களும் கொட்டகையும் 150 இலட்சம், நெல் வாங்கக் கையில் வைத்திருக்கும் தொழிற்படு மூலதனம் 32 இலட்சம். ஆக ஆரம்பத்திலேயே 230 இலட்சம் வெளியே போகிறது. வரி கட்டிய பின் ஆண்டுக்கு 36 இலட்சம் கையில் மிஞ்சும் என்று வைப்போம். பத்து ஆண்டு. முடிவில் இயந்திரத்துக்கும் கொட்டகைக்கும் பழைய இரும்பு விலைதான், அதைப் பூச்சியம் என்றே விடுகிறேன். தொழிற்படு மூலதனம் 32 இலட்சம் திரும்பி வரும். அது போட்ட பணம்தான் திரும்புவதால் அதற்கு வரி இல்லை. காணியை 160 இலட்சத்துக்கு விற்கிறார்; தரகு முதலான விற்பனைச் செலவு 2 இலட்சம்.

கழிவு வீதம் 14 என்று எடுத்தால், பத்து ஆண்டு வருமானத்தின் இற்றைப் பெறுமதி 187.8 இலட்சம். பத்தாம் ஆண்டின் ஒரு ரூபாய் இன்றைக்கு 27 சதம்தான் பெறும். அப்படிப் பார்த்தால் திரும்பும் தொழிற்படு மூலதனம் 8.6 இலட்சம். இரண்டும் சேர்ந்து 196.4. போட்டது 230. காணியைக் கணக்கில் எடுக்காவிட்டால் 33.6 இலட்சம் பள்ளம். அந்தப் பள்ளத்தை மூடுவது காணி விற்பனை ஒன்றுதான்.

காணியில் இருந்து செலவு போக 158 இலட்சம் வரும், இற்றைப் பெறுமதி 42.6. வரியை மறந்துவிட்டால் திட்டம் 9 இலட்சம் மிச்சத்தில் நிற்கும், அறிக்கை அழகாக முடியும். இப்போது வரியைப் போடுவோம். ஆதாயம் 158இல் இருந்து 48ஐக் கழித்த 110 இலட்சம். 15 சதவீதமானால் வரி 16.5 இலட்சம், திட்டத்தின் மிச்சம் 4.6 ஆகக் குறையும். 30 சதவீதமானால் வரி 33 இலட்சம், மிச்சம் வெறும் 13 ஆயிரம் ரூபாய். சுத்தமாகச் சொன்னால் பூச்சியம். 36 சதவீதமானால் வரி 39.6 இலட்சம், திட்டம் 1.65 இலட்சம் நட்டம். (ஆலையின் மற்ற வருமானமே உச்சிப் படியைத் தொட்டுவிட்டதாக வைத்த கணக்கு இது. வேறு வருமானம் குறைந்தவருக்குக் கீழ்ப்படிகளின் சலுகையால் கொஞ்சம் குறையும், பெரிதாக மாறாது.)

பத்து வருடம் தள்ளி வரும் வரி, கழிவு செய்தால் கரைந்துபோகும் என்று சொல்பவர்கள் உண்டு. கரையத்தான் செய்கிறது: 39.6 இலட்சம் இன்றைய கணக்கில் 10.7 இலட்சம்தான். ஆனால் கரைந்த பிறகும், வரியில்லாத மிச்சமான 9 இலட்சத்தைவிட அது பெரிது. திட்டம் நூலிழையில் தொங்கும்போது பத்தாம் ஆண்டுத் தொகையும் அந்த நூலை அறுக்கும்.

இந்தக் கணக்கு சொல்லும் இன்னொரு சேதி வரியைவிடச் சங்கடமானது. ஆலை தன் சொந்தக் காலில் நிற்கவில்லை. காணியின் தோளில் ஏறி நிற்கிறது. அந்தக் காணியாவது நல்ல முதலீடா என்றால் அதுவும் இல்லை. 48 இலட்சம் பத்து ஆண்டில் 158 ஆவது ஆண்டுக்கு ஏறக்குறைய 12.7 சதவீத வளர்ச்சி. கேட்கப் பெரிதாக இருக்கும். கழிவு வீதம் 14 என்று வைத்தவருக்கு, வரி கழிக்காமலேயே அது குறை. அப்படியானால் காணி வாங்காமல் குத்தகைக்கு எடுத்து ஆலை நடத்தினால்? கிரவல் நிரப்பும் 6 இலட்சத்தை ஆலைக்காரரே போடுகிறார் என்று வைத்தாலும், வரிக்குப் பின்னான வாடகை ஆண்டுக்கு ஒரு இலட்சத்து 60 ஆயிரம் வரை இருக்கும் மட்டும் திட்டம் நட்டப்படாது. விற்பனையும் இல்லை, வரியும் இல்லை. கடைசி நிரலில் காணியை ஆலையோடு கலந்து எழுதாமல் தனியே எழுதியிருந்தால் இந்தத் தெரிவு முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

இதில் வங்கிகளின் பங்கும் உண்டு. ஈடு வைக்க உறுதிக் காணி வேண்டும் என்று அவர்கள் கேட்பதால், குத்தகையில் தொழில் தொடங்கக்கூடியவரும் காணி வாங்கித் தொலைக்கிறார். பணத்தின் ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் போய்விட, நெல் வரும் காலத்தில் கையில் காசில்லாமல் வட்டிக்கு எடுக்கிறார். ஈடாக நிற்கும் அதே காணியின் மதிப்பை வங்கி முழு விலையில்தான் எழுதிக்கொள்கிறது. கடன் முடங்கி விற்க வேண்டி வந்தால் அந்த விலையில் வரிக்கும் ஒரு பங்கு உண்டு என்ற நினைவு அங்கேயும் இல்லை.

வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் சட்டப் புத்தகத்தில் நடப்பதில்லை, வாங்கும் நாளில் நொத்தாரிசு மேசையில் நடக்கிறது. காணி 40 இலட்சத்துக்குக் கைமாறும். உறுதியில் 15 இலட்சம் என்று எழுதுவார்கள். முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்பதால், 25 இலட்சம் குறைத்து எழுதியவருக்கு அன்றைக்கு ஓர் இலட்சம் மிச்சம். தரகர் அதைத் தன் சாமர்த்தியம் என்று சொல்லிக் காட்டுவார். விற்கும் நாளில் அந்த 25 இலட்சம் ஆதாயத்தோடு சேர்ந்து நிற்கும். ஆலைக்காரர் 36 சதவீதத்தில் இருந்தால் கூடுதல் வரி 9 இலட்சம், கம்பனியானால் 7.5 இலட்சம். இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தாலும் முறையே 2.4, 2 இலட்சம். மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 15 சதவீதத்தில் இருப்பவருக்கு மட்டும் கூட்டிக் கழித்தால் ஏறக்குறையச் சரிக்குச் சரி வரும். குறைத்து எழுதுவது குற்றம் என்பதும், மாகாண இறைவரித் திணைக்களம் மறுமதிப்பீடு செய்யலாம் என்பதும் தனி. அவற்றை ஒதுக்கி வைத்து வெறும் கணக்காகப் பார்த்தாலே இது தொழிலுக்குக் காணி வாங்குபவருக்கு ஒத்துவராத தந்திரம்.

கிரவல் நிரப்பிய செலவுக்கும் இதே கதி. காணியை வாங்கிய விலை மட்டுமல்ல, அதைத் திருத்திய செலவும், வாங்கவும் விற்கவும் ஆன உபசெலவும் ஆதாயத்தில் கழிக்கப்படும் என்பது சட்டம். ஆனால் டிப்பர்காரர் துண்டில் எழுதித் தரும் 'கியூப்' கணக்கு பத்து வருடத்தில் எங்கே இருக்கும்? கறையான் தின்றதோ, வெள்ளம் கொண்டுபோனதோ, கேட்கும் நாளில் கையில் இருக்காது. என் கணக்கில் உள்ள 6 இலட்சத்துக்கு ரசீது இல்லையென்றால் 36 சதவீதக்காரருக்கு வரி இன்னும் 2 இலட்சத்து 16 ஆயிரம் கூடும். வாங்கிய வருடமே ரசீதுகளை நிலையான சொத்துப் பதிவேட்டில் காணி என்ற தலைப்பின் கீழ்ச் சேர்த்துவிடுவதுதான் வழி. பல ஆலைகளில் அந்தச் செலவை முதலாண்டின் பராமரிப்புச் செலவில் தள்ளிவிடுகிறார்கள். பிறகு அதைக் காணிக் கிரயமாகக் காட்டவும் முடியாது.

இன்னொரு சிக்கல், காணியும் கட்டடமும் ஒரே உறுதியில் ஒரே விலைக்கு விற்கப்படுவது. காணிக்குத் தேய்மானம் கிடையாது. கட்டடத்துக்கு 20 ஆண்டில் தேய்மானக் கழிவு கிடைக்கும், அதனால் பத்தாம் ஆண்டில் அதன் வரிக் கணக்குப் பெறுமதி பாதியாகிவிடும். அந்தப் பாதிக்கு மேல் கட்டடத்துக்கு விலை கிடைத்தால் மேலதிகம் வியாபார வருமானம். விற்ற மொத்த விலையில் எது காணிக்கு, எது கட்டடத்துக்கு என்று பிரித்துக் காட்டும் மதிப்பீட்டறிக்கை இல்லாவிட்டால், பிரிப்பதை அதிகாரி தன் கணக்கில் செய்வார். வாங்குபவர் கட்டடத்துக்குக் கூடுதலாக எழுதச் சொல்வார், அவருக்குத் தேய்மானம் வேண்டும். விற்பவரின் நன்மை வேறு திசையில் இருக்கலாம். இந்த இழுபறியை விலை பேசும்போதே பேசித் தீர்க்காவிட்டால் பிறகு பேச இடமில்லை.

பழைய காணிக்காரருக்குச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2017 செப்டம்பர் 30 அன்று கையில் இருந்த சொத்துக்கு, அந்த நாளின் சந்தைப் பெறுமதியையே கிரயமாக எடுக்கலாம். தாத்தா காலத்தில் சில ஆயிரத்துக்கு வாங்கிய காணியின் ஆதாயம் முழுவதும் வரிக்குள் வராமல் இது தடுக்கிறது. ஆனால் ஈச்சிலம்பற்றில் 2017இல் ஒரு பேர்ச் என்ன விலை என்று எதை வைத்துச் சொல்வது? 2004இல் கடல் ஏறியது, 2006–07 சண்டையில் ஊர் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்களில் பலர் உறுதியைத் தேடுவதிலேயே வருடங்களைக் கழித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வெருகலாற்றின் மேல் பாலம் வந்து, மூதூரையும் வாகரையையும் இணைக்கும் கரையோரப் பாதை திறந்தது. விலை ஏறியது உண்மை. பதிவான விற்பனைகள் குறைவு, பதிவானவற்றிலும் மேலே சொன்ன குறைத்து எழுதும் பழக்கம். பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளர் 2017ஐப் பின்னோக்கி மதிப்பிட ஒப்பீடு தேடும்போது அவர் கையில் கிடைப்பது இந்தக் குறைத்து எழுதிய உறுதிகள்தான். எவரோ மிச்சம் பிடித்த முத்திரைத் தீர்வைக்குப் பக்கத்துக் காணிக்காரர் வரி கட்டுகிறார். பழைய காணியில் தொழில் வைத்திருப்பவர்கள் விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், 2017 செப்டம்பர் 30க்கான மதிப்பீட்டறிக்கையை இப்போதே எடுத்து வைப்பது நல்லது. ஆண்டு கழியக் கழிய ஒப்பீட்டுக்கான ஆதாரம் குறையுமே தவிரக் கூடாது.

அந்த அடிப்படை நாளுக்குப் பின்னான ஆண்டுகளில்தான் என் உண்மையான முறைப்பாடு இருக்கிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ரூபாயின் மதிப்பு கரைந்த அந்த நாட்களில் காணி விலை ஏறியது என்பதற்குப் பெரும்பாலும் அர்த்தம், காணி அப்படியே நின்றது, ரூபாய் கீழே போனது என்பதுதான். எங்கள் சட்டத்தில் கிரயத்தைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட வழி இல்லை. என் கணக்கில் பத்து ஆண்டில் பொது விலைமட்டம் இரண்டு மடங்கானது என்று மட்டும் வைத்துப் பாருங்கள். 48 இலட்சம் அன்றைய ரூபாயில் 96 இலட்சம் ஆகிவிடும். உண்மையான ஆதாயம் 110 அல்ல, 62 இலட்சம். 39.6 இலட்சம் வரி என்பது அந்த உண்மை ஆதாயத்தில் 64 சதவீதம். 15 சதவீதக்காரர்கூட 27 சதவீதம் கட்டுகிறார்.

இந்தியாவில் இதே விவகாரம் 2024இல் பெரிய சர்ச்சையானது. ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் நீண்டகால மூலதன ஆதாயத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டலை நீக்கி, வீதத்தை 20இல் இருந்து 12.5 ஆகக் குறைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய காணி, கட்டடத்துக்கு மட்டும் தனியாட்கள் சரிக்கட்டலோடு 20 சதவீதமா, இல்லாமல் 12.5ஆ என்று எது குறைவோ அதைத் தெரிவு செய்யலாம் என்று இறங்கி வந்தார்கள். சரிக்கட்டல் வேண்டாம் என்றால் வீதம் குறைவாக இருக்க வேண்டும் என்ற பேரமாவது அங்கே நடந்தது. இங்கே சரிக்கட்டலும் இல்லை, வீதமும் ஏறுகிறது.

அரசுக்குப் பணம் தேவை என்பதையும், காணியைக் குவித்து வைத்து விலை ஏறக் காத்திருப்பவரிடம் வரி வாங்க வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், தற்போதைய ஏற்பாட்டில் அப்படிக் காத்திருப்பவர் 15 கட்டுகிறார், அதே காணியில் ஆலை போட்டு ஆட்களுக்கு வேலை கொடுத்தவர் 36 வரை கட்டுகிறார். தொழில் காணிக்கும் முதலீட்டுக் காணிக்கும் தனியாள் கையில் ஒரே வீதம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தால் போதும், இந்தத் தலைகீழ் நேராகும். பெரிய வருமானத்தையும் திறைசேரி இழக்காது, ஏனென்றால் விவரம் தெரிந்தவர்கள் ஏற்கெனவே வேறு வழியில் 15க்குள் வந்துவிட்டார்கள்: காணியைத் தன் சொந்தப் பெயரில் வைத்துக்கொண்டு, ஆலையைக் கம்பனியாக நடத்தி, கம்பனியிடம் நியாயமான வாடகை வாங்குகிறார்கள். வாடகைக்கு விட்ட காணி முதலீட்டுச் சொத்து. சட்டப்படி சரியான ஏற்பாடு. கொழும்பில் வரி ஆலோசகர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். வெருகல் பக்கம் அந்த ஆலோசகர் இல்லை.

கட்டும் நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். முதலீட்டுச் சொத்தானால், கைமாறிய நாளில் இருந்து ஒரு மாதத்துக்குள் விவரத்திரட்டும் வரியும் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரிய காணிகள் பாதிப் பணம் கையில், மீதி அடுத்த போகத்தில் என்றுதான் விலைப்படும். முழு உறுதியையும் முதல் தவணையிலேயே எழுதிக் கொடுத்தால், 160 இலட்சத்தில் 80 மட்டும் வந்த நிலையில் முழு ஆதாயத்துக்கும் வரி கட்ட வேண்டி வரும். அப்படியானால் கடைசி ஆண்டின் நிரலை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: வரி பத்தாம் ஆண்டில், பணத்தின் பாதி பதினோராம் ஆண்டில். 80 இலட்சம் ஒரு வருடம் பிந்தினால் என் கணக்கில் இன்னும் 2.65 இலட்சம் இற்றைப் பெறுமதி போகும். 30 சதவீதத்தில் பூச்சியத்தில் நின்ற கம்பனித் திட்டமும் அதோடு நட்டத்துக்குள் போய்விடும். உடன்படிக்கை எழுதி முற்பணம் வாங்கிக்கொண்டு, முழுப் பணமும் வந்த பிறகே உறுதி எழுதுவது பழைய பழக்கம். அவசரத்தில் இப்போது பலரும் அதைக் கைவிட்டு வருகிறார்கள்.

திட்ட அறிக்கையைப் பார்க்கும் வங்கி உத்தியோகத்தர்களிடம் நான் கேட்பது, கடைசி நிரலில் 'காணி விற்பனை' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக நான்கு வரிகளை. விற்பனை விலை, ஆவணத்தோடு நிறுவக்கூடிய கிரயம், ஆதாயத்துக்கான வரி, கையில் மிஞ்சுவது. வரியை இன்றைய வீதத்தில் ஒரு முறையும், அதைவிடப் பத்துப் புள்ளி கூட்டி ஒரு முறையும் போடச் சொல்லுங்கள்; ஏழு வருடத்தில் கம்பனிக்கு இருபது புள்ளி ஏறிய நாட்டில் இது மிகையான எச்சரிக்கை அல்ல. பிறகு அந்த நான்கு வரிகளையும் கையால் மூடிவிட்டு மேலே உள்ள கூட்டுத்தொகையைப் பாருங்கள். அது கழித்தல் குறியோடு நின்றால் விண்ணப்பக்காரரைக் கூப்பிட்டு, இந்த ஆலைக்குக் காணியை ஏன் வாங்க வேண்டும், குத்தகைக்குக் கிடைக்காதா என்று கேளுங்கள்.